யானைக்கால் நோய் மாத்திரை: காலை பத்து மணிக்கு வீடு வீடாகப் போகாதீர்கள்

யானைக்கால் நோய் ஒழிப்புக்காக ஆண்டுதோறும் மாத்திரை வழங்கும் முகாம்களை நடத்துகிற மாவட்ட, வட்டார சுகாதார அதிகாரிகளுக்கும், அவர்களின் கீழ் வீடு வீடாகப் போகும் மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் இந்த நோயோடும் இந்த மாத்திரைகளோடும் பல ஆண்டுகளாக வேலை செய்பவர்கள். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் மதிப்பீட்டு ஆய்வுகளுக்குப் பிறகு முகாம் நிறுத்தப்பட்டுவிட்டது. பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா உள்ளிட்ட மாநிலங்களில் பல மாவட்டங்களுக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. அங்கே பணிபுரியும் தமிழ் மருத்துவர்களும் பூச்சியியல் அலுவலர்களும் கொஞ்ச நஞ்சம் அல்ல. அவர்கள் வழியாக இந்த மடல் உரிய இடங்களுக்குப் போய்ச் சேரும் என்று நம்பி எழுதுகிறோம்.

எங்கள் முக்கியக் கோரிக்கைகள் இரண்டு. மாத்திரை கொடுக்கும் நேரத்தை மாலைக்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னரும் மாற்றுங்கள். கொடுத்த மாத்திரை கண்ணெதிரே விழுங்கப்பட்டால் மட்டும் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். இது வெறும் நிர்வாக வசதியைப் பற்றிய பேச்சு போலத் தோன்றும். ஒரு சுற்று பலித்ததா வீணானதா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

காலை பத்து மணிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தன்னார்வலர் பையோடு வாசலில் நிற்கிறார். வீட்டில் ஆண்கள் வேலைக்குப் போயாகிவிட்டது. ஏழு மணிக்கு ஏதோ சாப்பிட்டவர்களுக்கு வயிறு காலி, இன்னும் சிலர் சாப்பிடவே இல்லை. தன்னார்வலர் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி சரியாகவே சொல்கிறார்: "வெறும் வயிற்றில் போடக் கூடாது, சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்." வீட்டிலிருக்கும் பெண்ணும் அதைச் சரியாகவே புரிந்துகொண்டு, "சரி, வைத்துவிட்டுப் போங்கள், ராத்திரி எல்லாரும் சேர்ந்து போட்டுக்கொள்கிறோம்" என்கிறார். ஐந்து பேருக்கான மாத்திரை கைமாறுகிறது. பதிவேட்டில் ஐந்து டிக் விழுகிறது. மாத்திரைகள் சாமி மாடத்துக்கோ அலமாரிக்கோ போகின்றன. ராத்திரி ஒருவருக்கு அலுப்பு, இன்னொருவருக்குப் பயம், மூன்றாமவர், "எனக்கு யானைக்கால் இல்லையே, எனக்கு எதற்கு?" என்கிறார். இதில் யாரும் தப்புச் செய்யவில்லை. "சாப்பிட்ட பிறகு" என்ற சரியான விதியும் "காலை பத்து மணி" என்ற தவறான நேரமும் ஒன்றுசேரும்போது மாத்திரை விழுங்கப்படாமல் போகிறது.

விதியைத் தளர்த்தி, வெறும் வயிற்றிலேயே கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வது எங்களுக்குத் தெரியும். அது வேண்டாம். முகாமில் கொடுப்பவை முக்கியமாக டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற இரண்டு மருந்துகள். டி.இ.சி. வெறும் வயிற்றில் போனால் குமட்டல், வாந்தி, தலைசுற்றல் வரும் வாய்ப்பு கூடுகிறது. அல்பெண்டசோல் குடலிலிருந்து இரத்தத்துக்குள் நன்றாக ஏற வேண்டுமானால் வயிற்றில் உணவு, அதிலும் கொஞ்சம் கொழுப்புள்ள உணவு இருக்க வேண்டும். குடற்புழுவுக்குக் கொடுக்கும்போது மருந்து குடலில் தங்கினாலே போதும். யானைக்கால் புழுவோ நிணநீர்க் குழாய்க்குள் இருக்கிறது, மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் அதை எட்ட முடியும். ஆகவே டீயும் பிஸ்கெட்டும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. சோறோ ரொட்டியோ குழம்போடு வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் விழுங்குவதுதான் நல்லது.

மாற்ற வேண்டியது நேரத்தை. மாலை ஆறு மணிக்கு மேல் ஒன்பது வரை போங்கள். குடும்பமே வீட்டில் இருக்கும், அடுப்பில் சாப்பாடு இருக்கும். சாப்பிட்டாகிவிட்டதென்றால் அங்கேயே கொடுங்கள். ஆகவில்லையென்றால் அடுத்த நான்கு வீடுகளை முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று சுற்றுகள் தொடங்கும் நாட்களுக்கு அருகே எந்த விரதங்கள் வருகின்றன என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். ஆகஸ்ட் சுற்று வட மாநிலங்களில் சாவன் மாதத் திங்கட்கிழமை விரதங்களோடு சேர்ந்து வரக்கூடும். பிப்ரவரி, மார்ச்சில் சிவராத்திரி வரும். அண்மை ஆண்டுகளில் ரமலான் நோன்பும் அந்தப் பக்கமே வந்திருக்கிறது. நோன்பு இருக்கும் தெருவில் பகலில் போனால் கிடைப்பது மறுப்பு மட்டுமே. இஃப்தாருக்குப் பிறகு போனால், சாப்பிட்டு முடித்த குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

மாலை வேலையில் சிரமங்கள் இருப்பதை நாங்கள் மறைக்கவில்லை. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். இருட்டிய பிறகு அவர்களைத் தனியே அனுப்பக் கூடாது. இருவராக அனுப்ப வேண்டும், டார்ச் கொடுக்க வேண்டும், திரும்பிப் போகும் செலவைக் கொடுக்க வேண்டும். ஒருவர் பகலில் முப்பது வீடு பார்ப்பார் என்றால் மாலையில் இருவர் சேர்ந்து பதினைந்து, இருபது வீடுகள்தான் பார்ப்பார்கள். ஆகவே சுற்று கூடுதல் நாட்கள் ஓடும். நாட்களைக் கூட்டிக் கொடுங்கள். விழுங்கப்படாத மாத்திரைக்கு நீங்கள் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிது.

இனி விழுங்குவதன் கணக்கு. ஆயிரம் பேர் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகத்தான். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயில் கிடப்பவர்கள் என எழுபது பேரை விட்டுவிட்டால், தகுதியானவர்கள் 930. தன்னார்வலர் 860 பேருக்கு மாத்திரை கொடுத்துவிடுகிறார். வட்டார அறிக்கையில் "92 சதவீதம்" என்று பளபளப்பாக ஏறும். உண்மையில் விழுங்கியவர்கள் 560 பேர்தான் என்றால், மொத்த மக்கள்தொகையில் அது 56 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் ஒரு சுற்று பலித்ததாகக் கொள்ள வேண்டுமென்றால், மொத்த மக்களில் 65 சதவீதமாவது மருந்தை விழுங்கியிருக்க வேண்டும். இந்தக் கிராமத்துக்கு அது 650 பேர். ஆக 90 பேர் குறைகிறார்கள். இந்த 90 பேரைப் பிடிக்க ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து வீடுகள் போதும். ஒரு ஜோடித் தன்னார்வலர்களுக்கு இது இரண்டு மாலை வேலை. ஆனால் 92 என்ற எண்ணைப் பார்த்துவிட்ட அதிகாரி அந்த இரண்டு மாலைகளுக்கு உத்தரவு போட மாட்டார்.

இந்த 65 எதற்கு என்று உங்கள் தன்னார்வலர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவர்களுக்கு அது மேலிருந்து வந்த இலக்காக மட்டும் இருக்கும். புழு நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து பல ஆண்டுகள் உயிரோடிருந்து மைக்ரோஃபைலேரியா என்னும் நுண்புழுக்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. நம் நாட்டில் அதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடைகளிலும் கழிவுநீரிலும் பெருகி இரவில் கடிக்கிறது. நுண்புழுக்களும் இரவில்தான் புறத்தோலுக்கருகே உள்ள இரத்தத்துக்கு வருகின்றன. மாத்திரை முக்கியமாகக் கொல்வது இந்த நுண்புழுக்களை. வளர்ந்த புழுவை முழுவதும் கொல்வதில்லை. எனவே ஒரு டோஸ் இரத்தத்தைக் காலி செய்கிறது, மாதங்கள் போகப் போகத் தப்பித்த புழு மறுபடி நுண்புழுக்களை விடுகிறது. அந்த இடைவெளியை மூடத்தான் ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கிறோம். டி.இ.சி.-யும் அல்பெண்டசோலும் மட்டும் கொடுக்கும் பழைய இரட்டை மருந்து முறையில் குறைந்தது ஐந்து நல்ல சுற்றுகள் வேண்டும். ஐவர்மெக்டினும் சேர்ந்த மும்மருந்து முறையில் குறைந்தது இரண்டு. இந்த மும்மருந்து முறையை இந்தியாவில் 2018-இல் பீகாரின் அர்வல் மாவட்டத்தில் தொடங்கினார்கள். எந்த முறையானாலும், சுற்றுக்குச் சுற்று ஒரே வீடுகள் விழுங்காமல் விட்டால், அந்த வீடுகளில் உள்ளவர்களின் இரத்தத்திலிருந்து கொசு எடுத்துக்கொண்டே இருக்கும். விழுங்காத ஆட்கள் ஒவ்வொரு ஆண்டும் வேறு வேறாக இருப்பதும், அதே ஆட்களாக இருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது நிலைதான் ஊரைப் பல ஆண்டுகள் இழுத்தடிக்கும். பதிவேட்டில் போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் விழுங்காதவர்களைத் தனியே எடுத்து, முதல் மாலையிலேயே அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஆளெதிரே விழுங்கவைப்பது எப்படி என்று ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். தாத்தாவுக்கு 68 வயது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு, ஆனால் நடமாடிக்கொண்டிருக்கிறார். மகனுக்கு 40, மருமகளுக்கு 34. பேரன் 12 வயது, பேத்தி 4 வயது, கைக்குழந்தை ஒன்றரை வயது. மருமகள் அந்தக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறார்.

கைக்குழந்தைக்கு எதுவும் வேண்டாம். தாத்தாவுக்கு உண்டு. சர்க்கரையும் கொதிப்பும் தள்ளி வைக்கக் காரணம் அல்ல, படுத்த படுக்கையாக இருந்தால் மட்டும் விட வேண்டும். பால் கொடுக்கும் மருமகளும் போட்டுக்கொள்ளலாம். குழந்தை பிறந்து முதல் வாரம் மட்டும் ஐவர்மெக்டின் கூடாது. இந்த இரண்டு பேரைத்தான் தன்னார்வலர்கள் அடிக்கடி தப்பாகத் தள்ளிவிடுகிறார்கள். டி.இ.சி. மாத்திரை 100 மில்லிகிராம் உடையது. பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மூன்று, ஆறு முதல் பதினான்கு வரை இரண்டு, இரண்டு முதல் ஐந்து வரை ஒன்று. ஆக தாத்தா, மகன், மருமகள் தலா மூன்று, பேரனுக்கு இரண்டு, பேத்திக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஆளுக்கு ஒன்று, ஐந்து.

ஐவர்மெக்டின் மாவட்டமாக இருந்தால் உயரக்கோல் வேண்டும், ஏனென்றால் அதன் அளவு வயதைப் பொறுத்ததல்ல. 90 சென்டிமீட்டர் முதல் 119 வரை ஒன்று, 120 முதல் 140 வரை இரண்டு, 141 முதல் 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு, எல்லாமே 3 மில்லிகிராம் மாத்திரைகள். ஐந்து வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை என்பதால் நான்கு வயதுப் பேத்திக்கு இது கிடையாது. தாத்தா 160, மகன் 165, மருமகள் 152, பேரன் 138 என்றால் நான்கு, நான்கு, மூன்று, இரண்டு எனப் பதிமூன்று மாத்திரைகள். உயரம் அளக்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், தலைப்பாகையை எடுக்கச் சொல்லுங்கள், கோலைச் சமதரையில் நிறுத்துங்கள். வாசற்படியில் ஆளையும் தெருவில் கோலையும் நிறுத்தி அளந்தால் ஒரு மாத்திரை கூடிப்போகும்.

இப்போது மகன் கையில் மொத்தம் எட்டு மாத்திரைகள். "எட்டா?" என்பார். பயம் நோயைப் பற்றியதல்ல, இந்த எண்ணிக்கையைப் பற்றியது. இந்த இடத்தில் ஒரு பொதுவான தவறு நடக்கிறது. ஆள் பேரம் பேசுகிறார்: "இப்போ மூணு, மிச்சம் நாளைக்கு." தன்னார்வலரும் தலையாட்டிவிடுகிறார். பிரித்துப் போட்டால் ஒரே டோஸுக்குரிய வலு கிடைக்காது. நாளைக்கான மிச்சமும் போகப் போவதில்லை. எட்டையும் ஒரே அமர்வில், நான்கு வாய் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். மூன்று விதம், ஒவ்வொன்றும் எதற்கு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் எட்டு என்ற எண் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஐவர்மெக்டினும் டி.இ.சி.-யும் விழுங்குவது, அல்பெண்டசோல் மென்று தின்பது. அல்பெண்டசோலைக் கடைசியில் மெல்லச் சொல்லுங்கள், அதன் சுவையோடு முடித்துவிடுவார்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் கவனமாக இருக்க வேண்டும். பேத்திக்கு மாத்திரையை முழுசாகக் கொடுக்காதீர்கள். இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்துப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அவள் நேராக உட்கார்ந்திருக்கும்போது கொடுங்கள். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து, தலையைச் சாய்த்து, வாயில் திணிக்கவே கூடாது. மாத்திரை மூச்சுக் குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அழுகை அடங்கட்டும், அரை மணி கழித்து வாருங்கள். அன்று முடியாவிட்டால் மறுநாள்.

எல்லாரும் விழுங்கிய பிறகு விரலில் மார்க்கர் மையால் குறியிடுங்கள், வீட்டுச் சுவரில் தேதி எழுதுங்கள், பதிவேட்டில் "விழுங்கினார்" என்று எழுதுங்கள். விழுங்காதவருக்குக் காரணத்தை எழுதுங்கள்: வெளியூர், சாப்பிடவில்லை, மறுத்தார், காய்ச்சல். கடுமையான காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் அன்று வேண்டாம், தேறிய பிறகு கொடுக்கலாம். குடித்திருப்பவரையும் மறுநாளுக்குத் தள்ளுங்கள். அவருக்கு வரும் தலைசுற்றல் எதனால் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது பக்க விளைவு. மாத்திரைக்குப் பக்க விளைவே கிடையாது என்று சுவரொட்டியில் போடுவதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் பெரிய பிழை. சிலருக்கு லேசான காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு வரும். வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால் மக்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். வராது என்று கேட்டவருக்கு வந்தால், அந்தத் தெருவில் அடுத்த சுற்றிலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்த விளைவு எதிலிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மருந்து தாக்கி இறக்கும் நுண்புழுக்களின் உடல் பொருள்களும், அவற்றுக்குள் வாழும் வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவின் பொருள்களும் இரத்தத்தில் கலந்து, உடம்பு அவற்றை எதிர்ப்பதால்தான் காய்ச்சலும் வலியும். இரத்தத்தில் எவ்வளவு நுண்புழுக்கள் இருந்தனவோ அதற்கேற்ப விளைவு கூடும் அல்லது குறையும். அதனால்தான் முதல் சுற்றில் நிறையப் பேருக்கு வருகிறது, சுற்றுகள் போகப் போகக் குறைகிறது. ஆனால் விளைவு வராதவருக்குப் புழு இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம். விளைவு பெரும்பாலும் சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, முதல் இரண்டு நாளுக்குள் உச்சம் தொட்டு, மூன்று நாளுக்குள் தானே அடங்கும். சிலருக்கு நாட்கள் கழித்து விதைப்பையிலோ தொடை இடுக்கிலோ சிறு கட்டி, நெறிகட்டு, வலி வரலாம். வளர்ந்த புழு ஏதோ ஒன்று சாகும் இடம் அது. அதுவும் சரியாகிவிடும், ஆனால் ஆண்கள் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதால் முன்பே சொல்லி வையுங்கள். அல்பெண்டசோலால் மலத்திலும் வாந்தியிலும் உருண்டைப்புழு வெளியேறுவதும் உண்டு. புழுவைப் பார்த்து மருந்து கெட்டது என்று கத்தியவர்களுக்கு அது குடலில் முன்பே இருந்த புழு என்று யாராவது சொல்லியிருந்தால் போதும்.

விளைவைக் கவனிக்கும்போது நேரத்தைக் கேளுங்கள். மாத்திரை போட்டுப் பத்து, பதினைந்து நிமிடத்தில் மயக்கம் என்றால் அது பெரும்பாலும் பயத்தாலும் வெயிலாலும் வருவது. அதற்குள் புழு செத்து உடம்பு எதிர்வினை காட்ட நேரமில்லை. அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் குமட்டலும் வாந்தியும் வந்தால் என்ன சாப்பிட்டார் என்று முதலில் கேளுங்கள். பல மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் உடம்பு வலியும் என்றால் நுண்புழுக்கள் செத்ததால் இருக்கலாம். எந்த நேரமானாலும், விடாத வாந்தி, மூச்சுத் திணறல், முகம் அல்லது உதட்டு வீக்கம், நெஞ்சு வலி, நினைவிழப்பு இருந்தால் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் விரைவு உதவிக் குழு. மாலை நேரத்துக்கு மாறினால் இந்தக் குழுவும் இரவில் விழித்திருக்க வேண்டும், மறுநாள் காலையில் கிராமத்தில் இருக்க வேண்டும். கைபேசி எண் எல்லா வீட்டுச் சுவரிலும் தேதிக்குக் கீழே எழுதப்பட்டிருக்க வேண்டும், பையில் பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், செட்ரிசின், வாந்தி நிறுத்தும் மருந்து இருக்க வேண்டும். இரவில் போட்டால் லேசான தலைசுற்றல் தூக்கத்தில் கழிந்துவிடும் என்பதையும் நாங்கள் ஒரு சாதகமாகப் பார்க்கிறோம்.

காய்ச்சல் வந்தவர் முதலில் போவது உங்களிடம் அல்ல, தெரு முனை டாக்டரிடம். அவர், "யார் இதைப் போடச் சொன்னது?" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தெருவில் அடுத்த ஆண்டு வரை ஒருவரும் போட மாட்டார். எனவே சுற்று தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வட்டார மருத்துவ அலுவலரே அந்தப் பகுதித் தனியார் மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் நேரில் பார்த்து, எந்த மருந்து, என்ன அளவு, என்ன விளைவு, எத்தனை நாள் என்று ஒரே தாளில் கொடுத்துவிட வேண்டும். துண்டறிக்கை அனுப்பி விடுவது போதாது.

பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் வரிசையாக நிறுத்திக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளில் பலர் காலை உணவு இல்லாமல் வருகிறார்கள். ஒரு பிள்ளை வாந்தியெடுத்தால் பார்த்த பக்கத்துப் பிள்ளைக்குத் தலை சுற்றும், அரை மணியில் முப்பது பேர் மருத்துவமனை வராந்தாவில் கிடப்பார்கள், மாலைக்குள் வதந்தி மாவட்டம் தாண்டிவிடும். மதிய உணவு முடிந்ததும், வகுப்பறையில் உட்கார்ந்த நிலையிலேயே, ஒரு வகுப்பு முடிந்த பின் அடுத்த வகுப்பு எனக் கொடுங்கள். முந்தைய நாளே பெற்றோருக்குத் தகவல் போகட்டும். ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு முன் தாங்களே விழுங்கிக் காட்டட்டும். யாருக்காவது குமட்டினால் அந்தப் பிள்ளையை மெதுவாக வேறு அறைக்கு அழைத்துப் போய்ப் படுக்க வையுங்கள், மற்ற பிள்ளைகள் முன்னால் ஆம்புலன்ஸை நிறுத்தாதீர்கள்.

வெளியூர் போனவர்கள் தனிப் பிரச்சினை. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா மாவட்டங்களிலிருந்து வந்து திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வேலை செய்யும் இளைஞர்கள், ஊரில் சுற்று நடக்கும் மாதத்தில் இங்கே இருக்கிறார்கள். ஊர்ப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே "வெளியூர்" என்று எழுதிவிட்டுக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறார்கள். விழுங்கியோர் விகிதத்தைப் பார்த்தால் ஊர் சரியாக இருப்பதுபோல் தெரியும், ஹோலிக்கோ சட் பூஜைக்கோ திரும்பி வந்தவர் அதே கொசுவுக்கு இரத்தம் கொடுப்பார். உங்களிடம் கேட்பது: வெளியூர் பட்டியலைத் தனியே வைத்து, ஹோலி, சட் விடுமுறைகளில் திரும்பியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த டோஸைக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தமிழ்நாட்டில் விடுதி நடத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு சொல்: இந்த மாத்திரையை நீங்களே கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். உங்கள் பணியாளர்கள் எந்த மாவட்டத்தவர் என்ற பட்டியலைச் சுகாதாரத் துறைக்குக் கொடுத்து, இரவு இரத்தப் பரிசோதனைக்கு இடம் தாருங்கள். சோதனை இரவில்தான் நடக்க வேண்டும், ஷிப்ட் முடிந்து பத்து மணிக்குப் பிறகு.

கடைசியாக, சரிபார்ப்பு. சுற்று முடிந்த பிறகு மேற்பார்வையாளர் போய், "மாத்திரை கிடைத்ததா?" என்று கேட்டால் எல்லாரும் "கிடைத்தது" என்பார்கள், அது உண்மையும்தான். கேட்க வேண்டியது வேறு: "விழுங்கினீர்களா? எப்போது, எத்தனை? எதை மென்றீர்கள்?" வீட்டுத் தலைவர் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல விடாதீர்கள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மென்றது எதை என்று சொல்லத் தெரியாதவர் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார். தூக்கிப்போட மனமில்லாமல் அலமாரியில் வைத்த மாத்திரையைச் சிலர் எடுத்து நீட்டுவார்கள். திட்டாதீர்கள், பதிவேட்டை மிரட்டலுக்குப் பயன்படுத்தாதீர்கள். சாப்பிட்டுவிட்டீர்களா என்று கேட்டு, அங்கேயே தண்ணீர் வாங்கிக் கொடுத்து, கண்ணெதிரே விழுங்கவைத்து, பதிவேட்டில் அன்றைய தேதியைப் போடுங்கள்.

ஆகவே அடுத்த சுற்றுக்கு முன் மூன்று உத்தரவுகளை எழுத்தில் வெளியிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். வீடுவீடான வழங்கல் மாலை ஆறு மணிக்கு முன் வேண்டாம், பள்ளியில் மதிய உணவுக்கு முன் வேண்டாம் என்று ஒன்று. வட்டாரத்திலிருந்து மாவட்டத்துக்குப் போகும் தினசரி அறிக்கையில் "கொடுத்தது" என்ற பத்தியை எடுத்துவிட்டு "எதிரே விழுங்கியது" என்ற பத்தியை மட்டும் வையுங்கள், அதை மொத்த மக்கள்தொகையால் வகுத்து எழுதுங்கள் என்று இரண்டாவது. 65-க்குக் கீழே உள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் சுற்று முடிந்த இரண்டு வாரத்துக்குள் மேலும் இரண்டு மாலைகள் ஒதுக்க வேண்டும் என்று மூன்றாவது.

இப்படிக்கு,
யானைக்கால் நோய் ஒழிப்புப் பணியில் ஈடுபட்டுள்ள மருத்துவர்களும் களப்பணியாளர்களும்